12-க்கு 5, 8-க்கு 3: பகுதி எண்கள் வேறுபடும் பின்னங்களில் ஒரு மாணவியின் நிகழ்வு ஆய்வு

கோலாலம்பூர் செந்தூலில், அடுக்குமாடி வீடு ஒன்றின் சாப்பாட்டு மேசையில், சனிக்கிழமை காலை வேளைகளில் நான் கணிதம் சொல்லிக் கொடுத்த ஒரு மாணவியைப் பற்றியது இந்த ஆய்வு. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்துவிட்டு அவள் அப்போதுதான் இடைநிலைப்பள்ளியில் முதல் வகுப்பான படிவம் ஒன்றில் சேர்ந்திருந்தாள். பெருக்கல் வாய்பாடு அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. பகுதி எண் ஒன்றாக இருக்கும் பின்னங்களை, அதாவது 2/7 + 3/7 போன்றவற்றை, தயங்காமல் கூட்டுவாள். முதல் வாரம் அவளுடைய நோட்டுப் புத்தகத்தில் நான் கண்ட இரண்டு வரிகள் இவை:

```
5/12 + 3/8 = 8/20
5/12 − 3/8 = 2/4
```

மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டியிருக்கிறாள். கழித்தலிலும் அதே வழிதான். பின்னம் கற்கும் பிள்ளைகளிடம் மிகப் பரவலாகக் காணப்படும் பிழை இது. சிவப்பு மையால் குறுக்கே கோடிட்டு, "மீச்சிறு பொது மடங்கைக் கண்டுபிடி" என்று எழுதிக் கொடுத்தால் அடுத்த பத்துக் கணக்குகளைச் சரியாகச் செய்துவிடுவாள். ஆனால் இரண்டு மாதம் கழித்து 8/20 மீண்டும் தலைகாட்டும் என்பதை முன்பு வேறு பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த முறை விதியைச் சொல்லாமல், அந்த விடைகளையே அவளைப் பார்க்கச் சொன்னேன்.

கழித்தலிலிருந்து தொடங்கினோம். பன்னிரண்டில் பாதி ஆறு. எனவே 5/12 என்பது பாதிக்கும் குறைவு. அந்தப் பாதிக்கும் குறைவான ஒன்றிலிருந்து 3/8-ஐ எடுத்த பிறகு அவளுக்கு மிஞ்சியது 2/4, அதாவது சரியாகப் பாதி. எடுத்த பிறகு, இருந்ததைவிட அதிகமாகிவிட்டது. இதைக் கண்டதும் அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். கூட்டலும் இதே கதைதான், ஆனால் அங்கே பிழை கொஞ்சம் மறைந்திருக்கிறது. 8/20-ஐச் சுருக்கினால் 2/5. அதையும் 5/12-ஐயும் அறுபதில் சொன்னால் 24/60, 25/60 என்று வரும். 5/12-உடன் ஒன்றைச் சேர்த்த பிறகு 5/12-ஐவிடச் சிறிய விடை கிடைத்திருக்கிறது. சேர்த்தால் குறையவும் எடுத்தால் கூடவும் செய்கிற ஒரு முறை சரியாக இருக்க முடியாது என்பதை அவளே சொன்னாள்.

சொல்லிவிட்டுச் சிறிது நேரம் யோசித்தாள். பிறகு அவள் கேட்ட கேள்விதான் இந்த நிகழ்வை எழுதி வைக்கத் தகுந்ததாக்கியது.

"ஆனா டீச்சர், ஒரு சோதனையில 12-க்கு 5, இன்னொன்னுல 8-க்கு 3 எடுத்தா, மொத்தம் 20-க்கு 8-னு தானே எங்க டீச்சர் போடுவாங்க?"

உண்மைதான், அப்படித்தான் போடுவார்கள். அது பிழையும் அல்ல. அவளுடைய தவறு கவனக்குறைவினால் வந்ததல்ல, வாழ்க்கையில் சரியாக வேலை செய்யும் ஒரு கணக்கை இடம் மாற்றிக் கொண்டுவந்ததனால் வந்தது. ஆகவே "அது வேறு, இது வேறு" என்று தள்ளிவிடாமல், எங்கே வேறுபடுகிறது என்பதைக் காட்ட வேண்டியிருந்தது.

மதிப்பெண்ணில் 12 என்பது ஒரு சோதனையின் கேள்விகள், 8 என்பது இன்னொரு சோதனையின் கேள்விகள். இரண்டும் தனித்தனி முழுமைகள். அவற்றைச் சேர்க்கும்போது முழுமையும் வளர்ந்து 20 கேள்விகளாகிறது. அந்தக் கணக்கு பதில் சொல்வது "மொத்தத்தில் எந்த அளவுக்குச் சரியாகச் செய்திருக்கிறாள்?" என்ற கேள்விக்கு. அதற்கான விடை இரண்டு சோதனைகளின் தரத்துக்கும் இடைப்பட்டதாகவே இருக்கும். ஒன்றில் நன்றாகவும் மற்றொன்றில் சற்றுக் குறைவாகவும் செய்தவளின் மொத்தத் தரம் நடுவில்தானே நிற்கும். 8/20 அப்படியே 3/8-க்கும் 5/12-க்கும் நடுவில் நிற்கிறது. நேர்மறைப் பின்னங்கள் இரண்டை எடுத்து, மேலோடு மேலும் கீழோடு கீழும் கூட்டினால் விடை எப்போதும் அவ்விரண்டிற்கும் இடையில்தான் விழும். இரண்டும் சமமானவையாக இருந்தால் அதே மதிப்பு வரும். கூட்டுத்தொகையோ இரண்டையும்விடப் பெரிதாக இருக்க வேண்டியது. ஆகவே இந்த முறை எப்போதாவது தற்செயலாகவேனும் சரியான கூட்டல் விடையைத் தந்துவிடும் என்ற அச்சம் வேண்டியதில்லை, ஒருபோதும் தராது. பிள்ளைகள் தங்கள் விடையைத் தாங்களே சோதித்துக்கொள்ள இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை: கூட்டிய விடை, கூட்டப்பட்ட ஒவ்வொன்றையும்விடப் பெரிதாக இருக்கிறதா?

பின்னக் கூட்டலில் 5/12, 3/8 ஆகிய இரண்டும் ஒரே முழுமையின் பங்குகள். ஒரே அளவுள்ள கேக்கில் ஒருவர் 5/12 பங்கும் மற்றவர் 3/8 பங்கும் சாப்பிட்டால், இருவரும் சேர்ந்து ஒரு கேக்கில் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பதுதான் கேள்வி. முழுமை வளர்வதில்லை, ஒன்றாகவே நிற்கிறது.

இதைக் கையால் தொட்டுப் பார்க்கும்படி செய்ய, காகிதத்தில் 24 சென்டிமீட்டர் நீளமுள்ள மூன்று பட்டைகளை வெட்டினோம். (ஏன் 24 என்று அவள் அப்போது கேட்கவில்லை, பிறகு கேட்டாள்.) முதல் பட்டையைப் பன்னிரண்டு சமத் துண்டுகளாகக் கோடிட்டாள், ஒவ்வொன்றும் 2 சென்டிமீட்டர். அதில் ஐந்து துண்டுகளை வெட்டி எடுத்தபோது கையில் 10 சென்டிமீட்டர் இருந்தது. இரண்டாம் பட்டையை எட்டாகக் கோடிட்டாள். ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டர். அதில் மூன்று துண்டுகள், அதாவது 9 சென்டிமீட்டர். இவ்விரண்டையும் மூன்றாம் பட்டையின் மேல் ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டினாள். அவை 19 சென்டிமீட்டர் வரை நீண்டன.

துண்டுகளை எண்ணச் சொன்னேன். எட்டு. அவளுடைய 8/20-இல் உள்ள எட்டு இதுதான், அது பொய்யில்லை. ஆனால் ஐந்து துண்டுகள் ஒரு நீளம், மூன்று துண்டுகள் வேறு நீளம். அப்படியானால் அந்த 20 எங்கே இருக்கிறது என்று கேட்டேன். முதல் பட்டையின் பன்னிரண்டையும் இரண்டாம் பட்டையின் எட்டையும் விரலால் தொட்டுக் காட்டினாள். அதாவது 20 என்பது இரண்டு பட்டைகளிலும் உள்ள எல்லாத் துண்டுகளும். நாம் பேசிக்கொண்டிருப்பதோ ஒரே ஒரு பட்டை.

அடுத்து, ஒட்டிய 19 சென்டிமீட்டரை அளந்து பெயர் சொல்லச் சொன்னேன், ஆனால் அளவுகோலைப் பயன்படுத்தாமல், வெட்டிய துண்டுகளாலேயே. 2 சென்டிமீட்டர் துண்டை வைத்து வைத்து நகர்த்தினாள். ஒன்பது முறை வைத்ததும் 18 வந்தது, சிறிது மிஞ்சியது. 3 சென்டிமீட்டர் துண்டை வைத்தாள். ஆறு முறை வைத்ததும் மறுபடி 18; மறுபடியும் அதே அளவு மிஞ்சியது. பன்னிரண்டில் ஒரு பங்காலும் இந்த நீளத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை, எட்டில் ஒரு பங்காலும் சொல்ல முடியவில்லை. மிஞ்சிய அந்தச் சிறு இடத்தில் பொருந்தும்படி ஒரு துண்டை வெட்டினாள், 1 சென்டிமீட்டர். அந்தத் துண்டு பன்னிரண்டில் ஒரு பங்கில் இரண்டு முறையும், எட்டில் ஒரு பங்கில் மூன்று முறையும் மிச்சமின்றி அடங்கியது. முழுப் பட்டையில் அது 24 முறை அடங்கும். ஆகவே அதன் பெயர் 1/24. ஒட்டிய நீளம் 19/24.

கழித்தலுக்கு வேறு வேலையே இருக்கவில்லை. 10 சென்டிமீட்டர் நீளத்தையும் 9 சென்டிமீட்டர் நீளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, ஒன்று மற்றொன்றைவிட அதே சிறு துண்டளவு நீண்டிருந்தது. விடை 1/24. தன் நோட்டில் இருந்த 2/4 என்பது அரைப் பட்டை என்பதை அவள் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

இங்கே தமிழ்ச் சொல்லொன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கீழே உள்ள எண்ணை நாம் 'பகுதி' என்கிறோம். அன்றாடப் பேச்சில் பகுதி என்றால் ஒரு துண்டு, ஒரு பாகம். ஆகவே பிள்ளையின் காதில் 'பகுதி 12' என்பது 'பன்னிரண்டு துண்டுகள் இருக்கின்றன' என்று விழுகிறது; இருப்பவற்றைக் கூட்டலாம் என்றும் தோன்றுகிறது. படிவம் ஒன்றில் அவள் கற்கும் மலாய்ச் சொல் இந்த இடத்தில் கைகொடுத்தது. மலாயில் கீழெண் 'பெஞெபுத்'. 'செபுத்' என்றால் பெயர் சொல்லுதல், குறிப்பிடுதல். மேலெண் 'பெங்ஆங்கா'; 'ஆங்கா' என்றால் எண். கீழெண் துண்டுக்குப் பெயரைச் சொல்கிறது, மேலெண் அந்தத் துண்டு எத்தனை என்று எண்ணுகிறது. ஐந்து மாம்பழமும் மூன்று கொய்யாவும் எட்டு என்றால், எட்டு எது என்று கேட்போம். இரண்டுக்கும் பொதுவாக 'பழம்' என்ற பெயர் கிடைத்த பிறகுதான் எட்டு பொருள் பெறுகிறது. ஆனால் பழத்தில் பெயரை மட்டும் மாற்றினால் போதும். பின்னத்தில் பெயர் மாறினால் துண்டின் அளவும் மாறுவதால் எண்ணிக்கையும் கூடவே மாற வேண்டும். இந்த வேறுபாட்டை அவள் தவறவிட்டதை அடுத்த வாரம் கண்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

பட்டையை ஒவ்வொரு கணக்குக்கும் வெட்டிக்கொண்டிருக்க முடியாது. இரண்டு துண்டுகளையும் மிச்சமின்றி அளக்கும் துண்டை, காகிதமின்றிக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத்தான் மீச்சிறு பொது மடங்கு. முழுமையை 12-ஆகவும் பிரிக்க வேண்டும், 8-ஆகவும் பிரிக்க வேண்டும் என்றால், புதிய பிரிவின் எண்ணிக்கை 12-இன் மடங்காகவும் 8-இன் மடங்காகவும் இருக்க வேண்டும். அத்தகைய எண்களில் ஆகச் சிறியது 24. பட்டையை 24 சென்டிமீட்டராக நான் வெட்டச் சொன்னதன் காரணமும் இதுதான்.

அவள் படித்த படிவம் ஒன்று பாடநூலில் பின்னங்கள் வரும் விகிதமுறு எண்கள் முதல் அத்தியாயமாகவும், காரணிகளும் மடங்குகளும் இரண்டாம் அத்தியாயமாகவும் இருந்தன. பள்ளியில் இரண்டாம் அத்தியாயம் தொடங்கியதும் அவள் நோட்டில் வகுத்தல் ஏணி தோன்றியது; அதனுடன் ஒரு புதிய பிழையும் தோன்றியது. 12, 8 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 4 என்று எழுதியிருந்தாள்.

```
2 | 12   8
2 |  6   4
  |  3   2
```

மூன்றுக்கும் இரண்டுக்கும் பொதுக் காரணி இல்லை என்று கண்டு நிறுத்திவிட்டு, இடப்பக்கத்து இரண்டுகளை மட்டும் பெருக்கியிருக்கிறாள். அது மீப்பெரு பொதுக் காரணிக்கான வழி. இரண்டுக்கும் ஏணி ஒன்றுபோலவே தொடங்குவதால் இந்தக் கலப்பு எளிதில் நேரும். பள்ளியில் மீப்பெரு பொதுக் காரணியை எஃப்.எஸ்.டி.பி. என்றும் மீச்சிறு பொது மடங்கை ஜி.எஸ்.டி.கே. என்றும் மலாய்ச் சுருக்கங்களால் அழைப்பதும் குழப்பத்தைக் கூட்டுகிறது. ஆனால் அவள் தந்த விளக்கம் இதைவிட ஆழமானது. "சின்னதுன்னு கேட்டாங்க, அதான் சின்ன நம்பர் போட்டேன்" என்றாள். 'மீச்சிறு' என்ற சொல்லே அவளைச் சிறிய எண்ணை நோக்கி இழுத்திருக்கிறது. மீச்சிறு என்பது மடங்குகளுக்குள் சிறியது என்பதையும், மடங்கு என்பதால் அது 12-க்குக் குறைய முடியாது என்பதையும் அவள் சேர்த்துப் பார்க்கவில்லை. அதுபோல மீப்பெரு பொதுக் காரணி பெயரில் பெரிதாக இருந்தாலும் 8-ஐத் தாண்ட முடியாது. ஒரு பார்வையிலேயே சோதிக்கலாம்: பொதுப் பகுதி எண், இருக்கும் பகுதி எண்களில் பெரியதைவிடச் சிறிதாக வந்திருந்தால் ஏணி பாதியில் நின்றுவிட்டது என்று பொருள்.

ஏணியைத் தூக்கி எறியத் தேவையில்லை. அவள் நிறுத்திய இடத்தில் கீழே மிஞ்சியிருக்கும் 3-ஐயும் 2-ஐயும் சேர்த்துப் பெருக்கினால் 2 × 2 × 3 × 2 = 24. அந்த மிச்சங்கள் ஏன் வேண்டும் என்பதையும் கேட்டாள். 12 என்பது 4 × 3, 8 என்பது 4 × 2. 24-க்குள் 12 முழுதாக அடங்க வேண்டுமானால் அந்த 3 உள்ளே இருக்க வேண்டும். 8 முழுதாக அடங்க வேண்டுமானால் அந்த 2 உள்ளே இருக்க வேண்டும். பொதுவான 4-ஐ ஒரு முறை வைத்தாலே இரண்டுக்கும் போதும். சிறிய எண்களுக்கு ஏணிகூட வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டில் பெரிய எண்ணின் மடங்குகளை மனத்தில் ஓட்டி, ஒவ்வொன்றும் மற்றதால் மீதியின்றி வகுபடுகிறதா என்று பார்த்தால் போதும்: 12, எட்டால் வகுபடாது, 24, வகுபடும். அவ்வளவுதான்.

பள்ளியில் இன்னொரு மாணவர் இரண்டு பகுதி எண்களையும் நேராகப் பெருக்கிவிடுகிறார், அவருடைய விடையும் சரி என்று ஆசிரியர் குறியிடுகிறார், பிறகு நமக்கு ஏன் இந்த ஏணி என்று ஒருமுறை கேட்டாள். அந்த மாணவர் செய்வது பிழையல்ல. 12 × 8 = 96. 5/12 என்பது 40/96, 3/8 என்பது 36/96, கூட்டினால் 76/96. நான்கால் சுருக்கினால் அதே 19/24. எந்தப் பொது மடங்கும் விடையைத் தரும். மீச்சிறியது தருவது, இரண்டையும் அளக்கும் துண்டுகளில் ஆகப் பெரியதை. துண்டு பெரிதானால் எண்ண வேண்டிய எண்ணிக்கை சிறிதாகும். காசில் இது தெளிவாகத் தெரியும். இருபது சென் நாணயம் ஒரு ரிங்கிட்டில் 1/5, ஐம்பது சென் நாணயம் 1/2. இரண்டையும் ஒரே வகை நாணயமாக மாற்ற வேண்டுமென்றால் ஐந்து சென்னாலும் மாற்றலாம், பத்து சென்னாலும் மாற்றலாம். ஐந்து சென்னில் 4-உம் 10-உம் சேர்ந்து 14 நாணயங்கள். பத்து சென்னில் 2-உம் 5-உம் சேர்ந்து 7 நாணயங்கள். இருபதையும் ஐம்பதையும் மிச்சமின்றி அளக்கும் ஆகப் பெரிய நாணயம் பத்து சென், ஏனென்றால் 5, 2 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 10. எழுபது சென் என்பது 7/10 ரிங்கிட். பழைய முறையில் 2/7 என்று எழுதியிருந்தால் அது முப்பது சென்கூட ஆகாது. ஐம்பது சென்னைக் கையில் வைத்திருப்பவர் அதை ஏற்றுக்கொள்ள மாட்டார்.

இனி, முன்பு சொல்லாமல் விட்ட பிழை. இரண்டாம் வாரம் அவள் பகுதி எண்ணைச் சரியாக 24 என்று கண்டுபிடித்துவிட்டு, இப்படி எழுதினாள்:

```
5/12 + 3/8 = 5/24 + 3/24 = 8/24 = 1/3
```

பெயரை மாற்றினாள், எண்ணிக்கையை மாற்றவில்லை. மீண்டும் பட்டையிடமே போனோம். 2 சென்டிமீட்டர் துண்டு ஐந்து இருந்த இடத்தில் 1 சென்டிமீட்டர் துண்டு ஐந்து வைத்தால் பாதி இடம் வெறுமையாகிறது. அந்த நீளத்தை மீண்டும் நிரப்பப் பத்துத் துண்டுகள் வேண்டும். அதன் பிறகு அவள் ஒரு நடுவரியை எழுதத் தொடங்கினாள். அதை எல்லாப் பிள்ளைகளும் கொஞ்ச காலத்துக்காவது எழுத வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்வேன்:

```
5/12 = (5 × 2)/(12 × 2) = 10/24
3/8  = (3 × 3)/(8 × 3)  =  9/24
10/24 + 9/24 = 19/24
10/24 − 9/24 =  1/24
```

முதல் பின்னத்தை 2-ஆலும் இரண்டாவதை 3-ஆலும் பெருக்குகிறோம். இரண்டையும் ஒரே எண்ணால் பெருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பின்னத்துக்குள்ளும் மேலும் கீழும் மட்டும் ஒரே எண்ணால் பெருக்கப்பட வேண்டும். துண்டு பாதியாகும்போது எண்ணிக்கை இரட்டிப்பாகிறது, மூன்றில் ஒன்றாகும்போது மும்மடங்காகிறது. நீளம் அப்படியே இருக்கிறது.

கூட்டல் இத்துடன் நிலைபெற்றது. கழித்தலில், கலப்புப் பின்னம் வந்தபோது ஒரு கடைசிச் சிக்கல் எழுந்தது. கணக்கு 3 1/6 − 1 3/4. ஆறுக்கும் நான்குக்கும் மீச்சிறு பொது மடங்கு 12. 3 2/12 − 1 9/12 என்று சரியாக மாற்றினாள். இரண்டிலிருந்து ஒன்பதை எடுக்க முடியாது. பக்கத்தில் உள்ள 3-இலிருந்து ஒன்றைக் கடன் வாங்கினாள், 3 இரண்டானது. வாங்கிய ஒன்றை, முழு எண் கழித்தலில் செய்வதுபோல, 2-இன் முன்னால் போட்டாள், 2 பன்னிரண்டானது. 12/12-இலிருந்து 9/12 போக 3/12, இரண்டிலிருந்து ஒன்று போக ஒன்று; விடை 1 3/12, அதாவது 1 1/4.

இந்தப் பிழை கண்ணுக்குத் தப்புவதற்கு ஒரு தற்செயல் துணை நின்றது. பகுதி எண் 12 ஆக இருந்ததால், அவள் எழுதிய 12/12 கடன் வாங்கிய ஒரு முழுமையைப் போலவே தோற்றமளித்தது. நானே முதலில் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன். உண்மையில் அவள் சேர்த்தது பத்து, சேர்த்திருக்க வேண்டியது பன்னிரண்டு. முழு எண்களில் ஒரு பத்து உடைந்து பத்து ஒன்றுகள் ஆகிறது. இங்கே ஒரு முழுமை உடைந்து பன்னிரண்டு பன்னிரண்டிலொன்றுகள் ஆகிறது. ஏற்கெனவே இருக்கும் இரண்டுடன் சேர்ந்து பதினான்கு:

```
3 2/12 − 1 9/12
= 2 14/12 − 1 9/12
= 1 5/12
```

விடையைச் சோதிக்க, கழித்ததை மீண்டும் கூட்டச் சொன்னேன். அவளுடைய 1 1/4-உடன் 1 3/4-ஐக் கூட்டினால் 3 வருகிறது, அந்த 1/6 காணாமல் போய்விடுகிறது. 1 5/12-உடன் 1 9/12-ஐக் கூட்டினால் 2 14/12, அதாவது 3 2/12. தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம். கடன் வாங்குவதில் தடுமாறும் பிள்ளைகள் இரண்டு கலப்புப் பின்னங்களையும் தகாப் பின்னமாக மாற்றிக்கொள்ளலாம்: 38/12 − 21/12 = 17/12. எண்கள் பெரிதாகும், ஆனால் கடன் இல்லை. இரண்டில் எதையும் நான் கட்டாயப்படுத்துவதில்லை. அவள் கடன் வாங்கும் வழியையே வைத்துக்கொண்டாள், ஆனால் எத்தனை வாங்கினோம் என்பதைப் பக்கத்தில் எழுதிவைத்தாள்.

நாங்கள் கடைசியாகப் பேசியது சுருக்குவதைப் பற்றி. மீச்சிறு பொது மடங்கைப் பயன்படுத்தினால் விடை தானாகவே எளிய வடிவில் வந்துவிடும் என்று அவள் நம்பத் தொடங்கியிருந்தாள், ஏனென்றால் 19/24, 1/24, 7/10 ஆகிய எவற்றையும் சுருக்க வேண்டியிருக்கவில்லை. அதற்காக 1/6 + 3/10 என்ற கணக்கைக் கொடுத்தேன். 5/30 + 9/30 = 14/30 என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டாள். 14, 30 இரண்டும் இரட்டை எண்கள், விடை 7/15. ஏன் இங்கே மட்டும் சுருங்குகிறது? 6 என்பது 2 × 3, 10 என்பது 2 × 5; அந்த 2 இரண்டிலும் சம அளவில், ஒவ்வொரு முறை மட்டும், இருக்கிறது. கொடுத்த பின்னங்கள் எளிய வடிவில் இருக்கும்போது, இப்படிச் சம அளவில் இருக்கும் பகாக் காரணியால்தான் விடை சுருங்கக் கூடும்; 3-ஆலும் 5-ஆலும் இங்கே சுருங்காது. 12, 8 ஆகியவற்றில் 2 முறையே இரண்டு முறையும் மூன்று முறையும் வருகிறது, 3 ஒன்றில் மட்டும் வருகிறது. சம அளவில் எதுவும் இல்லாததால் 19/24 சுருங்க வழியே இல்லை.

சுருங்கக் கூடும் என்றால் கட்டாயம் சுருங்குமா என்று கேட்டாள். பதில் சொல்லாமல் 1/6 + 1/10 என்று எழுதிக் கொடுத்தேன். 8/30, பிறகு 4/15 என்று முடித்தாள். 5/6 − 1/10 கொடுத்தேன், 22/30, 11/15. மீண்டும் மீண்டும் இரண்டால் சுருங்குவதைக் கண்டு, பகுதி எண்கள் 6, 15 ஆக இருந்தால் மூன்றாலும் இப்படியே நடக்குமா என்று அவளே 1/6 + 1/15 என்று எழுதிப் பார்த்தாள். 5/30 + 2/30 = 7/30. சுருங்கவில்லை. கழித்துப் பார்த்தாள்: 3/30, அதாவது 1/10, சுருங்கியது. அன்று நேரம் முடிந்துவிட்டதால், இரண்டுக்கு எப்போதும் நடப்பது மூன்றுக்குச் சில வேளைகளில் மட்டும் நடப்பது ஏன் என்ற கேள்வியை, ஒற்றை எண்கள் இரண்டைக் கூட்டினால் என்ன வரும் என்ற ஒரு குறிப்போடு, அவளுடைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டு வந்தேன்.